மெயிலில் அரைப்புள்ளி, கோடு, அடைப்புக்குறி: எது உதவும், எது குழப்பும்?

கேள்வி: பதிப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அச்சகம், பைண்டிங், கிளைகள் எல்லாருக்கும் தினமும் மெயில் எழுதுவது நான்தான், பெரும்பாலும் தமிழில். செமிகோலன், டாஷ், பிராக்கெட் எல்லாம் போட்டு ஒழுங்காக எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். "உங்கள் மெயிலை இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது" என்கிறார் மேலாளர். இவற்றையெல்லாம் விட்டுவிட வேண்டுமா?

பதில்:

எல்லாவற்றையும் விட வேண்டாம். மூன்றும் மூன்று விதமாகக் கெடுக்கின்றன, அவற்றில் அதிகம் கெடுப்பது அடைப்புக்குறிதான். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். நானும் உங்கள் தொழில்தான். பதினெட்டு வருடமாக அச்சகத்துக்கும் கிளைகளுக்கும் கடிதமும் மெயிலும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்களிடமிருந்து ஓர் அச்சகத்துக்குப் போன மெயில் இது. எழுதியவன் நான்.

"ஐயா, கையேடு (இரண்டாம் பதிப்பு) 1,200 பிரதிகள் — முன்பு சொன்ன 1,000 அல்ல — 14-16 தேதிக்குள் மதுரைக் கிளைக்கு (மேலட்டைக்கு மேட் லேமினேஷன் செய்து, உள்பக்க ப்ரூஃபை எங்களிடம் காட்டிய பிறகு) அனுப்பிவையுங்கள், பில் தலைமை அலுவலகத்துக்கு (மதுரைக்கு வேண்டாம்)."

இலக்கணப்படி இதில் பெரிய பிழை இல்லை. 1,200 பிரதிகளும் சொன்ன தேதியில் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தன, மேட் லேமினேஷனும் சரியாக இருந்தது. ஆனால் ப்ரூஃப் எங்களுக்கு வரவே இல்லை. உள்ளே ஓர் அட்டவணையில் இரண்டு பத்திகள் இடம் மாறியிருந்தன. நான்கு பக்கத்தைத் திரும்ப அச்சடித்து, பைண்டிங்கைப் பிரித்து, மறுபடி ஒட்டவேண்டி வந்தது. அச்சகத்துக்காரரிடம் கேட்டபோது அவர் கோபப்படாமல் ஒன்று சொன்னார்: "மெயிலைப் படித்தேன் சார். லேமினேஷன் என்று பார்த்தேன். மீதி அந்த பிராக்கெட்டுக்குள் இருந்தது."

அந்தப் பதில் எனக்குப் பெரிய பாடம். அடைப்புக்குறி போடும்போது நாம் வாசிப்பவரிடம் ஒன்றைச் சொல்லாமல் சொல்கிறோம்: இதைத் தாண்டிப் போனாலும் வாக்கியம் நிற்கும். அவரும் அப்படித்தான் தாண்டிப் போகிறார். மிஷின் பக்கத்தில் நின்றபடி போனில் படிப்பவர், "மதுரைக் கிளைக்கு" என்று படித்ததும் கண்ணை நகர்த்தி "அனுப்பிவையுங்கள்" என்ற வினைச்சொல்லைத் தேடுகிறார். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் இந்தத் தேடல் இன்னும் வேகமாக நடக்கும். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதையெல்லாம் மனதில் பிடித்துவைத்துக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்ற சொல் எப்போது வரும் என்று காத்திருக்கிறார். நடுவில் பத்துச் சொல்லை அடைப்புக்குள் திணித்தால், பிடித்திருப்பதை விடாமல் இருக்க அந்தப் பத்தையும் தாண்டத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி இதுதான்: பெறுபவர் செய்ய வேண்டிய எந்த வேலையும் அடைப்புக்குறிக்குள் இருக்கக் கூடாது. தேதி, நிபந்தனை, "வேண்டாம்" என்ற சொல், முன்பு சொன்னதை மாற்றும் எண் எல்லாம் இதில் அடக்கம். அடைப்புக்குள் இருப்பதை விரலால் மறைத்துவிட்டு மெயிலைப் படித்துப் பாருங்கள். மறைத்தபடியே அவர் வேலையைச் சரியாகச் செய்துவிட முடியுமானால் அந்தக் குறி இருக்கலாம். முடியாதென்றால் உள்ளே இருப்பதற்குத் தனி வாக்கியம் வேண்டும்.

அடைப்புக்குறியில் தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி நிற்பது. பெயருக்கும் உருபுக்கும் நடுவில் ஒரு பிறை வந்து உட்கார்ந்தால் உருபு எங்கே போகும்? "கிடங்குப் பொறுப்பாளர் (மதுரை) இடம் கொடுங்கள்" என்று எழுதினால் அந்த "இடம்" அந்தரத்தில் நிற்கிறது. காலி இடத்தைச் சொல்கிறீர்களா, பொறுப்பாளரிடம் என்கிறீர்களா என்று ஒரு கணம் தடுக்கும். "பொறுப்பாளரிடம் (மதுரை)" என்றால் உருபு பிழைத்தது, ஆனால் மதுரை பின்னால் ஒட்டாமல் தொங்குகிறது. "மதுரைக் கிடங்குப் பொறுப்பாளரிடம்" என்று எழுதினால் எந்தக் குறியும் தேவையில்லை. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால் வரும். அடைப்புக்குள் வைக்கத் தோன்றும் விவரத்தில் பாதிக்கு மேல், பெயருக்கு முன்னால் கொண்டுவந்தாலே சரியாகிவிடும். "கையேடு (இரண்டாம் பதிப்பு)" என்பது "கையேட்டின் இரண்டாம் பதிப்பு" ஆகும். "பில் (திருத்தியது)" என்பது "திருத்திய பில்" ஆகும்.

அரசு அலுவலகக் கடிதங்களில் இதற்கு வேறொரு தீர்வைப் பார்த்திருப்பீர்கள்: "மாவட்ட வருவாய் அலுவலர் (நில எடுப்பு) அவர்களுக்கு". அங்கே அடைப்புக்குறி பதவிப்பெயரின் பகுதி, எடுக்க முடியாது. "அவர்கள்" மரியாதைக்காக வருவதுதான் என்றாலும், உருபைச் சுமக்கும் வேலையையும் அது செய்துவிடுகிறது. அதனால் அந்த வாக்கியம் தடுக்காமல் ஓடுகிறது. பதவிப்பெயருடனேயே அடைப்புக்குறி வரும் ஒருவருக்கு எழுதும்போது நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

அடைப்புக்குறி நன்றாகப் பொருந்தும் இடங்களும் உண்டு. தொகையை எண்ணிலும் எழுத்திலும் தரும்போது, ஒரு சுருக்கப் பெயரை முதல் தடவை விரிக்கும்போது, பில் எண்ணையோ ஆர்டர் எண்ணையோ பக்கத்தில் குறிக்கும்போது தாராளமாகப் போடலாம். விரல் வைத்து மறைத்தாலும் வேலை கெடாத விவரங்கள் இவை. ஆனால் கணக்குப் பிரிவுக்கு எழுதும்போது எண்ணை மட்டும் அடைப்புக்குள் போட்டுவிடாதீர்கள். வரவு செலவுக் கணக்கில் (2,500) என்றால் 2,500 கழித்தல் என்று பொருள். "லாரி வாடகை (2,500)" என்று நீங்கள் விவரமாகச் சொன்னதை அவர்கள் கழிவாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. "லாரி வாடகை ரூ. 2,500" என்றே எழுதுங்கள்.

ஆங்கில மெயிலுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. வரிசையாக (a), (b), (c) என்று போட்டுக்கொண்டு வந்தால், வேர்டும் அவுட்லுக்கும் தானாகத் திருத்தும் வசதியில் மூன்றாவதை © என்று மாற்றிவிடும். உடனே Ctrl+Z அழுத்தினால் பழையபடி வரும். எண் போட்டு எழுதினால் அந்தத் தொல்லையே இல்லை.

இனி கோடு. நீளக் கோட்டின் குற்றம் வேறு மாதிரி. அது எதையும் மறைப்பதில்லை, ஆனால் இரண்டு செய்திக்கும் நடுவில் என்ன உறவு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கிளையிலிருந்து ஒரு நாள் வந்த மெயில்: "லாரி வரவில்லை — லோடு நாளைக்கு." எழுதியவர் நினைத்தது, லாரி வராததால் லோடை நாளை ஏற்றுகிறோம் என்று. படித்த நான், லாரி இன்னும் வரவில்லை, ஆனால் லோடு நாளைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும், ஏதாவது செய்யுங்கள் என்று எடுத்துக்கொண்டு வேறு லாரிக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கோடு இருந்த இடத்தில் "அதனால்" இருந்திருக்கலாம், "ஆனால்" இருந்திருக்கலாம், "அதாவது" இருந்திருக்கலாம். எழுதுபவருக்கு எது என்று தெரியும். தெரிந்ததை எழுதிவிட்டால் போதும்.

தமிழில் இதற்குத் தனிச்சொல்கூட வேண்டியதில்லை. "வராததால்" என்றால் காரணம் வந்துவிட்டது. "வராவிட்டாலும்" என்றால் மறுப்பு வந்துவிட்டது. "வந்தால்" என்றால் நிபந்தனை. வினைச்சொல்லின் வாலிலேயே உறவைச் சொல்லிவிடும் மொழி இது. அதை வைத்துக்கொண்டு கோடு போட்டு வாசிப்பவரை ஊகிக்க விடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். நீளக் கோடு போடத் தோன்றும்போதெல்லாம் அந்த இடத்தில் "அதனால்", "ஆனால்", "அதாவது" மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு பொருந்தினால் கோடு ஆபத்து. ஒன்றுதான் பொருந்துகிறதென்றால் அந்தச் சொல்லையே எழுதிவிடுங்கள்.

எண்களுக்கு நடுவில் வரும் சிறுகோடு இன்னும் தொந்தரவு. தமிழில் "14-ஆம் தேதி", "5-ல் 2" என்று எண்ணையும் உருபையும் சேர்க்க ஏற்கெனவே சிறுகோடு போடுகிறோம். அதே குறியை "முதல், வரை" என்பதற்கும் போட்டால் ஒரே வரியில் அது இரண்டு வேலை பார்க்கிறது. "14-16 தேதிக்குள்" என்று நான் எழுதினேனே, அதைப் பாருங்கள். 14-க்கு முன்னால் வந்தால் பரவாயில்லையா? 16 அன்று இரவு வந்தால் சேருமா? மதுரைக் கிளையில் 13 வரை வெள்ளையடிப்பு, 14-க்கு முன்னால் பண்டலை இறக்க இடமில்லை என்பதுதான் உண்மைக் காரணம். அது அந்தச் சிறுகோட்டில் எங்கேயும் இல்லை. பிரதிகள் தேதிக்குள் போய்ச் சேர்ந்தது அதிர்ஷ்டம்தான். "14 காலை முதல் 16 மாலை 5 மணி வரை இறக்கலாம்" என்று எழுதியிருக்க வேண்டும். இதை எக்செல்லில் ஒட்டுபவர்களுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. 5-6 பெட்டி என்ற அர்த்தத்தில் ஒரு கட்டத்தில் 5-6 என்று மட்டும் இட்டால், கணினி அதைத் தேதியாக மாற்றிவிடும். ஐந்து, ஆறு பெட்டி ஜூன் மாதமாகவோ மே மாதமாகவோ ஆகிவிடும்.

அரைப்புள்ளி பற்றி உங்கள் மேலாளருக்கு நான் கொஞ்சம் எதிர்வாதம் வைப்பேன். இது மூன்றிலும் நல்ல குறி, ஒரே ஒரு இடத்தில் இதற்கு மாற்றே கிடையாது. பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்குள்ளும் காற்புள்ளி வரும்போதுதான் அந்த இடம். "மதுரை, 300, ரயில் பார்சல், நெல்லை, 250, லாரி, சேலம், 200, நேரில்" என்று எழுதினால் எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று எண்ண வேண்டியிருக்கிறது. "மதுரைக்கு 300, ரயில் பார்சலில்; நெல்லைக்கு 250, லாரியில்; சேலத்துக்கு 200, நேரில்" என்றால் மூன்று மூட்டையும் தனித்தனியாகத் தெரிகின்றன. மூன்று உருப்படி வரை இப்படி ஒரே வரியில் தாங்கும். நான்காவது வந்தால் நான் ஊருக்கு ஒரு வரி என்று கீழே கீழே எழுதிவிடுவேன். போன் திரையில் அரைப்புள்ளி காற்புள்ளி போலத்தான் தெரியும், அதை நம்பி ஆறு ஊரைத் தொங்கவிட முடியாது.

பட்டியலில் எது எங்கே முடிகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு நல்ல சான்று. அந்த மாநிலச் சட்டத்தில், எந்தெந்த வேலைகளுக்குக் கூடுதல் நேர ஊதியம் கிடையாது என்று ஒரு பட்டியல் இருந்தது. பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று காற்புள்ளி போட்டு வரிசையாகப் போய், கடைசியில் "அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதி கட்டுதல்" என்றும் படிக்கலாம், "அனுப்புவதற்காகப் பொதி கட்டுதல், அல்லது விநியோகித்தல்" என்றும் படிக்கலாம் என்ற நிலையில் முடிந்தது. நடுவில் ஒரு காற்புள்ளி இல்லாததே காரணம். ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள், நாங்கள் விநியோகிக்கிறோம், பொதி கட்டுவதில்லை, ஆகவே எங்களுக்குக் கூடுதல் ஊதியம் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சட்ட வரியையும் திருத்தினார்கள். ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் அரைப்புள்ளி வந்தது. அதோடு நிற்காமல், "விநியோகம்" என்ற பெயர்ச்சொல்லையும் மற்ற வேலைகளைப் போல "விநியோகித்தல்" என்ற வடிவத்துக்கு மாற்றினார்கள். இந்த இரண்டாவது திருத்தத்தைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். குறியைச் சரிசெய்தவர்கள் குறியை மட்டும் நம்பி விடவில்லை.

பட்டியல் தவிர மற்ற இடங்களில் வரும் அரைப்புள்ளியை நான் எடுத்துவிடச் சொல்வேன், பெரும்பாலும். "பேப்பர் விலை ஏறிவிட்டது; பழைய ரேட்டுக்குத் தர மாட்டார்கள்" என்பதில் முற்றுப்புள்ளி வைத்தால் ஒன்றும் குறையாது. "ஏறிவிட்டதால்" என்று சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஒன்றுக்கு ஒன்று நேர் எதிராக நிறுத்திக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் விட்டுவைக்கலாம்: "முன்பு சொன்னது 1,000; இப்போது வேண்டியது 1,200."

ஆனால் எதிர்த் திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. குறிகளுக்குப் பயந்து எல்லாவற்றையும் வினையெச்சத்தில் கோத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு: "ப்ளேட் போட்டு மிஷினில் ஏற்றிப் பார்த்ததில் நிறம் மங்கலாக இருந்து, அச்சகத்தில் சொல்லி, மாற்றித் தருவதாகச் சொல்லி, நாளை வரை பொறுக்கச் சொல்லி, கிளைக்கும் தெரிவித்து..." இதில் யார் யாரிடம் சொன்னார், கிளைக்குத் தெரிவித்தாகிவிட்டதா, இனிமேல்தானா என்று எதுவும் தெரியாது. அந்த மூன்று குறியில் ஒன்றுகூட இல்லை, தெளிவும் இல்லை. செய்கிற ஆள் மாறுகிற இடத்தில் வாக்கியத்தை முடித்து, புது எழுவாயோடு தொடங்குங்கள். "ப்ளேட் போட்டு ஏற்றிப் பார்த்தார்கள், நிறம் மங்கலாக இருந்தது. நான் சொன்னதும் மாற்றித் தருவதாக அச்சகத்தார் ஒப்புக்கொண்டார்கள். நாளை வரை பொறுக்கச் சொல்கிறார்கள். கிளைக்கு நான் தெரிவித்துவிட்டேன்."

என் பழைய மெயிலை இன்றைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஐயா,

கையேட்டின் இரண்டாம் பதிப்பு 1,200 பிரதிகள் வேண்டும். முன்பு சொன்னது 1,000. அதை 1,200 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு முன் உள்பக்க ப்ரூஃபை எங்களுக்கு அனுப்புங்கள். சரி என்று நாங்கள் பதில் எழுதிய பிறகு மிஷினில் ஏற்றுங்கள்.

மேலட்டைக்கு மேட் லேமினேஷன் செய்யுங்கள்.

மதுரைக் கிளையில் 14 காலை முதல் 16 மாலை 5 மணி வரை இறக்கலாம். 14-க்கு முன் அங்கே இடமில்லை.

பில்லைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்."

பழையதைவிட இது நீளம். ஆனால் படிப்பவர் எந்த இடத்திலும் பின்னால் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலையும் தன் வினைச்சொல்லோடு நிற்கிறது. ஒன்றைச் செய்து முடித்ததும் அடுத்த பத்திக்கு வரலாம். "மதுரைக்கு வேண்டாம்" என்பது போய்விட்டதைக் கவனித்திருப்பீர்கள். எங்கே அனுப்ப வேண்டும் என்று தெளிவாகச் சொன்ன பிறகு, எங்கே வேண்டாம் என்பது மிகை. அடைப்புக்குறி இருந்ததால்தான் அது உள்ளே நுழைந்தது.

உங்கள் மேலாளர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அனுப்பிய மெயில்களைத் திறந்து, சந்தேகம் கேட்டுப் பதில் வந்தவற்றை மட்டும் ஒரு பத்து எடுங்கள். அவர்கள் கேட்ட விஷயம் உங்கள் மெயிலில் எங்கே இருந்தது என்று அடிக்கோடிடுங்கள். சில மெயிலில் அந்த விவரமே இருக்காது, அதற்குக் குறி பொறுப்பில்லை. விவரம் இருந்தும் கேட்டிருக்கிறார்களா, அது பிறைக்குள் இருந்ததா, கோட்டுக்குப் பின்னால் இருந்ததா என்று பாருங்கள். நான் இப்படிச் செய்தபோது என் பழக்கம் பிறைதான் என்று தெரிந்தது. உங்களுக்கு வேறாக இருக்கலாம், எது என்று தெரிந்தால் அதை மட்டும் திருத்தினால் போதும்.

விலைப்புள்ளி, ஒப்பந்தம், டெண்டர் வாசகம் ஆகியவற்றை மெயிலில் எடுத்துப் போடும்போது மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். அங்கே இருக்கும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் கையெழுத்தான ஆவணத்தின் பகுதி, இருந்தபடியே இருக்க வேண்டும். அதைக் கீழே ஒட்டிவிட்டு, மேலே உங்கள் சொந்த வாக்கியத்தில் அவர் செய்ய வேண்டியதை எழுதுங்கள்.

அந்த அச்சகத்தாருக்கு இப்போதும் நான்தான் எழுதுகிறேன். ப்ரூஃப் பற்றிய வரி எப்போதும் தனிப் பத்தியாகப் போகும். தலைப்பு வரியிலும் போட்டுவிடுவேன்: "கையேடு 1,200 பிரதிகள்: ப்ரூஃப் பார்த்த பிறகே அச்சு". மெயிலைத் திறக்கும் முன்பே போனில் அது அவர் கண்ணில் படும்.